அனத்தாவும் கட்டுக் கொள்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை மாலைகளில் ஆறேழு பேர் கூடி மெய்யியல் வாசிக்கிறோம். பெரும்பாலானோர் சைவ வீடுகளில் வளர்ந்தவர்கள். ஆனால் பௌத்தர் நடுவில் வாழ்வதால், செத்தவீட்டு வெள்ளைப் பதாகைகளில் 'அனிச்சா வத சங்காரா', உருவானவை எல்லாம் நிலையற்றவை, என்ற பாளி வரியைப் பார்த்துக்கொண்டே போகிறவர்கள். அனத்தா பற்றிப் பேச்செடுத்தால் யார் புதிதாக வந்தாலும் அதே சந்தேகங்கள்தான் வரும். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி, நான் சொல்லிவரும் பதில்களையும் சேர்த்திருக்கிறேன்.

"அனத்தா எண்டால் 'நான் இல்லை' எண்டுதானே அர்த்தம்? அப்ப இங்க இருந்து கேள்வி கேக்கிறது ஆர்?"

நீங்கள்தான் கேட்கிறீர்கள். அதை எந்தப் பௌத்தரும் மறுக்கவில்லை. உங்கள் பெயர், அடையாள அட்டை, பிள்ளைகள், வங்கிக் கணக்கு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மறுக்கப்படுவது வேறொன்று. உடலும் மனமும் மாறிக்கொண்டே இருக்க, உள்ளே மாறாமல் இருந்துகொண்டு, இவற்றுக்கெல்லாம் சொந்தக்காரனாகவும் ஆள்பவனாகவும் ஒருவன் இருக்கிறான் என்று நினைக்கிறோமே, அவனைத்தான் இல்லை என்கிறார்கள்.

மிலிந்த மன்னனிடம் நாகசேனர் என்ற பௌத்த பிக்கு தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட விதம் இதற்கு நல்ல உதாரணம். என்னை நாகசேனன் என்று அழைக்கிறார்கள், ஆனால் அது வழக்கில் உள்ள ஒரு பெயர் மட்டுமே, அந்தப் பெயருக்குள் ஒரு ஆள் அகப்படமாட்டான் என்றார். பெயர் பயன்படுகிறது என்பதையும், பெயருக்குப் பின்னால் தனியொரு பொருள் இல்லை என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

"ஐந்து கந்தம் எண்டு புத்தகத்தில வாசிக்கேக்க ஒண்டும் விளங்கேல்லை. எங்கட வாழ்க்கையில இருந்து ஒரு உதாரணம் சொல்லுங்கோ."

ஒரு ஆள் என்று நாம் சொல்வதைப் பௌத்தர் ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கிறார்கள், அவைதான் கந்தங்கள். மணிமேகலை இந்த ஐந்துக்கும் நல்ல தமிழ்ப் பெயர்கள் தருகிறது: உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, உள்ள அறிவு. இவற்றை மனதில் வைத்துக்கொண்டு காலி வீதிக்கு வாருங்கள். காலை எட்டு மணி, 100ஆம் இலக்க பஸ்ஸுக்காக நிற்கிறீர்கள். பஸ் வருகிறது, வேகத்தைக் குறைக்கிறது, நிற்காமல் போய்விடுகிறது. உங்களுக்குச் சுள்ளென்று கோபம்.

அந்த இரண்டு வினாடியைப் பிரித்துப் பாருங்கள். காதில் விழும் சத்தம், வெயிலில் காயும் தோல், சூடேறும் முகம் எல்லாம் உருவு. அதோடு வரும் 'பிடிக்கவில்லை' என்ற கசப்பு நுகர்ச்சி. இதைப் பாளியில் வேதனா என்பார்கள். நம் ஊர் வேதனை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, இன்பமும் இரண்டுமற்ற நிலையும் அதற்குள் அடங்கும். 'இது நூறாம் நம்பர், நிற்காமல் போகிறது' என்று அடையாளம் காண்பது குறிப்பு. திட்ட வேண்டும் என்ற எழுச்சி, கையை ஓங்கும் முனைப்பு, முன்பு பலமுறை கோபப்பட்டுப் பழகிய பழக்கம் ஆகியவை பாவனை. இவ்வளவும் தெரியவருகிற அந்த அறிதல்தான் உள்ள அறிவு.

இப்போது கேளுங்கள்: 'கோபப்பட்ட நான்' இதில் எங்கே? ஐந்தையும் எண்ணிய பிறகு ஆறாவதாக எண்ணுவதற்கு அங்கே எதுவும் மிஞ்சவில்லை என்பதுதான் பௌத்தர் சொல்வது. மிஞ்சுகிறது என்று நினைப்பவர்களுக்கும் பதில் இருக்கிறது, அது கீழே மெய்கண்டார் பற்றிய கேள்வியில் வரும்.

"கட்டுக் கொள்கை எண்டால் என்ன? ஆர் சொன்னது?"

ஸ்கொட்லாந்துக்காரரான டேவிட் ஹியூம் 1739இல் வெளியிட்ட நூலில் சொன்னார். 'நான்' என்பதைப் பிடிக்க உள்ளே நுழையும்போதெல்லாம் சூடு, குளிர், வெளிச்சம், நிழல், அன்பு, வெறுப்பு என்று ஏதோவொரு அனுபவத்தின் மேல்தான் தடுக்கி விழுகிறேன், அனுபவம் எதுவும் இல்லாத 'நான்' ஒருபோதும் அகப்பட்டதில்லை என்றார். ஆகவே மனிதர் என்பவர் நினைக்க முடியாத வேகத்தில் ஒன்றையொன்று தொடரும் அனுபவங்களின் ஒரு கட்டு என்று முடித்தார். நான் சந்தையில் வாங்கும் கீரைக்கட்டைச் சொல்லித்தான் விளங்கப்படுத்துவேன். தண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தால் கடைசியில் 'கட்டு' என்று தனியே ஒன்று கையில் இருக்காது.

நம் காலத்தில் இதை மீண்டும் பெரிதாக எடுத்தவர் ஆங்கிலேயரான டெரெக் பார்ஃபிட், 1984இல் வந்த நூலில். தன் முடிவோடு புத்தர் உடன்பட்டிருப்பார் என்று வெளிப்படையாகவே அதில் எழுதினார்.

"அப்ப ரெண்டு பேரும் ஒண்டைத்தானே சொல்லுகினம்?"

ஹியூமும் புத்தரும் வந்துசேரும் முடிவு கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் அங்கே போய்ச் சேரும் வழி வேறு, அதனால் எதை மறுக்கிறார்கள் என்பதும் கொஞ்சம் வேறு. ஹியூம் தேடினார், அகப்படவில்லை. அவருடைய வாதம் முழுவதும் தேடலில்தான் நிற்கிறது. இதற்கு எதிராளி சுலபமாக ஒரு பதில் சொல்லலாம்: கண் தன்னைப் பார்க்காது, அதனால் கண் இல்லை என்று ஆகிவிடுமா?

புத்தர் இசிபதனத்தில் ஐந்து துறவிகளுக்குச் சொன்ன அனத்தலக்கண சூத்திரத்தில் வாதம் தேடலில் தொடங்கவில்லை, அதிகாரத்தில் தொடங்குகிறது. உடல் 'நான்' என்றால் அது நோய்க்கு இடம் கொடுக்காது, 'என் உடல் இப்படி இருக்கட்டும், அப்படி இருக்க வேண்டாம்' என்று கட்டளையிட முடியும். முடியவில்லை. இதையே நுகர்ச்சிக்கும் குறிப்புக்கும் பாவனைக்கும் அறிவுக்கும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்கிறார். பஸ் தரிப்பிடத்தில் 'கோபமே, வராதே' என்று உங்களால் சொல்ல முடிந்ததா? அதன் பிறகுதான் இரண்டாவது படி: இவை நிலையானவையா, நிலையற்றவையா? நிலையற்றது துன்பமா, இன்பமா? நிலையற்று, துன்பமாய், மாறுவதை 'இது எனது, இது நான், இது என் ஆன்மா' என்று கொள்வது தகுமா?

கண் உதாரணம் இந்த வாதத்தைத் தொடாது. அகப்படாத ஒன்றைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. அகப்படுகிற ஒவ்வொன்றும் நீங்கள் நினைத்த ஆள்பவனின் வேலையைச் செய்கிறதா என்று சோதிக்கிறார்கள். எனக்கு இது ஹியூமுடையதை விட உறுதியான வாதமாகப் படுகிறது.

"ஹியூம் புத்தரிட்ட இருந்து எடுத்தவரோ?"

நேரடிச் சான்று எதுவும் இல்லை. ஹியூம் அந்த நூலில் பெரும்பகுதியை பிரான்சில் லா ஃபிளேஷ் என்ற ஊரில் இருந்து எழுதினார். அங்கே யேசுசபையின் கல்லூரி ஒன்று இருந்தது, பௌத்த நாடான சியாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, போய் வந்த ஒரு குருவும் அங்கே இருந்தார். அவர் வழியாக ஏதாவது காதில் விழுந்திருக்கலாம் என்று அலிசன் கோப்னிக் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார். முடியாதது இல்லை, அவ்வளவுதான். மேலே சொன்னபடி இருவரின் வாதமும் வேறு வழியில் போவதைப் பார்த்தால், ஹியூம் தானாகவே வந்து சேர்ந்தார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

"கீரைக்கட்டை வாழைநார் கட்டுது. என்னைக் கட்டுற நார் எது?"

எங்கள் வட்டத்தில் இதுவரை கேட்கப்பட்டதில் இதுதான் சிறந்த கேள்வி. ஹியூமே இதில்தான் மாட்டினார். 1740இல் தன் நூலுக்கு எழுதிய பின்னிணைப்பில், சுயம் பற்றிய பகுதியைத் திரும்பப் பார்க்கும்போது வழி தெரியாத ஒரு புதிர்ப்பாதைக்குள் சிக்கியதாக உணர்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். காரணம் இது. ஒவ்வொரு அனுபவமும் தனித்தனிப் பொருள் என்பது அவருடைய கொள்கை. தனித்தனிப் பொருள்களுக்கு இடையே உண்மையான இணைப்பு எதையும் மனம் காண்பதில்லை என்பதும் அவருடைய கொள்கை. இரண்டையும் வைத்துக்கொண்டால் நாருக்கு இடமில்லை. அப்படியானால் உங்கள் பல்வலி ஏன் உங்கள் கட்டில் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் கட்டில் ஏன் இல்லை? அவரால் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியவில்லை என்பதை மறைக்காமல் அச்சில் ஏற்றிய அந்த நேர்மைக்காகவே எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை.

தேரவாத பௌத்தர் மனதைக் கூறுகூறாகப் பகுத்து ஆராயும் அபிதம்மத்தில் இந்த முடிச்சு விழுவதில்லை, ஏனென்றால் படமே வேறு. அங்கே ஒரு நேரத்தில் ஒரு சித்தம்தான், அதாவது ஒரு கணத்து அறிதல்தான், எழும். அதோடு சேர்ந்து எழும் தொடுகை, நுகர்ச்சி, குறிப்பு, எண்ணம் போன்றவற்றைச் சேதசிகம் என்பார்கள். எந்தச் சித்தத்திலும் குறைந்தது ஏழு சேதசிகங்கள் கட்டாயம் இருக்கும். அவை ஒன்றாக எழுந்து, ஒன்றாக மறைந்து, ஒரே பொருளைப் பற்றி, ஒரே புலனிடத்தைச் சார்ந்திருக்கும். ஆகவே 'இப்போது' என்ற நேரத்தில் சிதறிக்கிடக்கும் தண்டுகளைக் கட்ட வெளியிலிருந்து நார் தேவையில்லை. பல்வலி உங்களுடையது, ஏனென்றால் அது உங்கள் பல்லைச் சார்ந்து எழுந்தது.

சரி, நேற்றையும் இன்றையும் கட்டுவது? மறையும் சித்தம் அடுத்த சித்தம் எழுவதற்கு நிபந்தனையாகிறது. அபிதம்மம் எண்ணும் 24 நிபந்தனைகளில் இதற்கென்றே ஒன்று உண்டு, இடைவெளியின்றித் தொடர்வது என்று பொருள்படும் அனந்தரப் பிரத்தியயம். நார் வெளியிலிருந்து வரவில்லை, ஒரு தண்டு அடுத்த தண்டைப் பிறப்பிக்கிறது. ஆனால் இதை ஹியூமிடம் கொண்டுபோனால் ஏற்கமாட்டார். காரணம் காரியத்தைப் பிறப்பிப்பதை நாம் காண்பதே இல்லை, ஒன்றன்பின் ஒன்று வருவதைத்தான் காண்கிறோம் என்பார். பௌத்தர் அவருடைய கேள்விக்கு விடை கண்டுவிட்டார்கள் என்று சொல்வது சரியில்லை. அவர் சந்தேகித்த ஒன்றை இவர்கள் அடிப்படையாக ஏற்றுக்கொண்டு தொடங்குகிறார்கள்.

"ரதம், விளக்கு எண்டு ரெண்டு உவமை சொல்லுறீங்கள். ரெண்டும் ஒண்டுதானே?"

இல்லை. இரண்டும் நாகசேனர் மிலிந்தனோடு பேசும்போது வரும் உவமைகள். ரதம் ஒரு நேரத்துக் கேள்வி: அச்சும் சில்லும் நுகமும் சேர்ந்திருக்கும்போது 'ரதம்' என்பது எது? விளக்கு காலத்துக் கேள்வி: முதல் சாமத்தில் எரிந்த சுடரும் கடைசிச் சாமத்தில் எரியும் சுடரும் ஒன்றா? ஒன்றும் அல்ல, வேறும் அல்ல, ஆனால் அதே விளக்கைச் சார்ந்து இரவு முழுவதும் எரிந்தது என்பது பதில். சில்லை மாற்றிய ஓட்டோ அதே ஓட்டோவா என்று கேட்பவர்கள் ரதத்தைப் பிடித்துக்கொண்டு விளக்கின் கேள்வியைக் கேட்கிறார்கள்.

"அப்ப போன வருசம் கடன் வாங்கினவன் நான் இல்லை எண்டு சொல்லீட்டுப் போகலாமோ?"

சீட்டுக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். 20 பேர், மாதம் பத்தாயிரம் ரூபாய். ஒருவர் மூன்றாம் மாதமே இரண்டு லட்சத்தையும் எடுத்துவிடுகிறார். இன்னும் 17 மாதம் அவர் கட்ட வேண்டும். பத்தாம் மாதம் வந்து சொல்கிறார்: "எடுத்தவருடைய ஐந்து கந்தமும் அப்போதே மறைந்துவிட்டது. நான் வேறு ஆள்."

மிலிந்தன் இதே கேள்வியைக் கேட்டபோது நாகசேனர் மாங்காய்த் திருடனைச் சொன்னார். பிடிபட்டவன் சொல்கிறான்: "நீங்கள் நட்டது வேறு மாங்காய், நான் பறித்தது வேறு மாங்காய்." உண்மைதான், விதையாகப் போனது மரத்தில் தொங்கவில்லை. ஆனாலும் அவன் தண்டனைக்குரியவன், ஏனென்றால் பறித்த காய் நட்ட காயைச் சார்ந்து வந்தது. சீட்டுக்காரருக்கும் அதே பதில். அந்த இரண்டு லட்சத்தில் போட்ட வீட்டுக் கூரைக்குக் கீழேதான் இன்றும் படுக்கிறார். எடுக்க வேண்டும் என்று அன்று எழுந்த எண்ணத்தின் தொடர்ச்சிதான், கட்டாமல் தப்ப வேண்டும் என்ற இன்றைய எண்ணம். பொறுப்புக்கு மாறாத ஒரு ஆள் தேவையில்லை, அறுபடாத ஒரு தொடர் போதும்.

இன்னொன்றும் கவனியுங்கள். 'நான் வேறு ஆள்' என்கிறவர், மூன்றாம் மாதத்தில் ஒரு முழு ஆள் இருந்தார், பத்தாம் மாதத்தில் இன்னொரு முழு ஆள் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறார். மறுத்த ஒருவரை இரண்டு பேராக்கித் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். 'வேறும் அல்ல' என்ற பாதியை விட்டுவிட்டதால் வந்த பிழை இது. இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்களா என்று பார்த்தே ஒருவருக்கு அனத்தா விளங்கியதா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

"ஆன்மா இல்லாமல் மறுபிறப்பு எப்படி? ஏதோ ஒண்டு போகத்தானே வேணும்?"

'அறிவுதான் ஓடித்திரிகிறது, அதே அறிவு, வேறில்லை' என்று சாதி என்ற பிக்கு சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மீனவர் ஒருவரின் மகன். புத்தர் அவரை அழைத்து, கடுமையாகவே திருத்தினார். விறகில் எரிந்தால் விறகு நெருப்பு, சாணத்தில் எரிந்தால் சாண நெருப்பு. அதுபோலக் கண்ணைச் சார்ந்து எழுந்தால் கண்ணறிவு, காதைச் சார்ந்து எழுந்தால் காதறிவு. எதையும் சாராமல் பயணம் போகும் அறிவு என்று ஒன்று இல்லை. ஒரு விளக்கிலிருந்து இன்னொன்றை ஏற்றும்போது எதுவும் கடந்து போவதில்லை, ஆனால் முதல் விளக்கு இல்லாமல் இரண்டாவது எரிந்திராது. ஹியூமிடமும் பார்ஃபிட்டிடமும் மறுபிறப்பு இல்லை. கட்டுக் கொள்கை மட்டும் வைத்து மறுபிறப்பை நிறுவவோ மறுக்கவோ முடியாது.

"'எனது உடல்' எண்டு சொல்லுறம். அப்ப உடலுக்குச் சொந்தக்காரன் ஒருத்தன் வேணும் எண்டுதானே மெய்கண்டார் சொல்லுறார்?"

ஆம், சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் அதைத்தான் சொல்கிறது. 'இல்லை' என்று சொல்வதற்கே ஓர் அறிவு உளது, 'எனது உடல்' என்பதால் உடலுக்கு வேறாய் ஒன்று உளது, ஐம்புலன் ஒடுங்குவதையும் அறிகிறது, இப்படி அடுக்கடுக்காகப் போகிறது. சைவப் பிள்ளைகள் இந்த வாதத்தை விட்டுவிடாமல் கொண்டுவருவது எனக்கு மிகவும் பிடிக்கும். ஐரோப்பாவில் டேக்கார்ட் 'சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்' என்று சொன்னதற்கு நானூறு ஆண்டுகள் முன்னதாகவே நம் மொழியில் இது சூத்திரமாகிவிட்டது.

பௌத்தரின் பதில்: 'ரதத்தின் சில்லு' என்கிறோம், அதற்காகச் சில்லும் அச்சும் போக ரதம் என்று தனியாக ஒன்று நிற்கவில்லை. 'எனது ஆன்மா' என்றும் சொல்கிறோம், அந்த வாதப்படி ஆன்மாவுக்கும் அப்பால் இன்னொரு சொந்தக்காரர் வேண்டியிருக்கும். சொற்றொடரை வைத்துப் பொருளை நிறுவ முடியாது. 'இல்லை' என்று சொல்ல ஓர் அறிவு வேண்டும் என்பது சரி, அது நேற்றிருந்த அதே அறிவாக இருக்க வேண்டும் என்பது அதிலிருந்து வராது.

ஆனால் பௌத்தர் பக்கமும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஐந்தும் நான் அல்ல என்று காட்டினால், நான் இல்லை என்று ஆகாது, ஆறாவதாக ஒன்று இருக்கலாமே. அதை அடைக்க ஒரு முற்கோள் வேண்டும்: யார் எதை ஆன்மா என்று கருதினாலும் அவர் இந்த ஐந்தையோ இவற்றில் ஒன்றையோதான் கருதுகிறார். புத்தர் இதையும் சொல்லியிருக்கிறார். உண்மையான சண்டை இங்கேதான். சைவ சித்தாந்தி இந்த முற்கோளை ஏற்கமாட்டார், அவருக்கு உயிர் ஐந்தையும் அறிவது, அறியப்படும் ஐந்தில் ஒன்று அல்ல. வச்சகோத்தர் என்ற வேற்றுநெறித் துறவி 'ஆன்மா உண்டா, இல்லையா' என்று கேட்டபோது புத்தர் பேசாமல் இருந்துவிட்டார் என்பதையும் மறக்கக் கூடாது. 'இல்லை' என்றிருந்தால், முன்பிருந்த ஆன்மா இப்போது போய்விட்டதே என்று அவர் இன்னும் குழம்பியிருப்பார் என்று பிறகு தன் சீடர் ஆனந்தரிடம் காரணம் சொன்னார்.

"ஒராளை ரெண்டாப் பிரிச்சால் எது அவர்?"

பார்ஃபிட்டின் கேள்வி இது. மூளையின் இரண்டு பாதிகளும் ஒரே நினைவுகளையும் குணத்தையும் தாங்கக்கூடியவை என்று வைத்துக்கொள்வோம். அவற்றை இரண்டு உடல்களில் பொருத்துகிறார்கள், இருவரும் கண் விழிக்கிறார்கள். நீங்கள் இருவருமாக இருக்க முடியாது, ஒன்று இரண்டாகாது. ஒருவர் மட்டும் என்றால் எவர் என்பதற்குக் காரணம் இல்லை. ஆகவே இருவருமே நீங்கள் இல்லை. ஆனால் ஒரு பாதி மட்டும் பிழைத்திருந்தால் நீங்கள் பிழைத்தீர்கள் என்றுதான் சொல்லியிருப்போம். இரண்டு வெற்றி எப்படி ஒரு தோல்வியாகும்? ஆகவே 'அது நானா' என்பது முக்கியமான கேள்வியே இல்லை, நினைவும் எண்ணமும் குணமும் தொடர்கின்றனவா என்பதுதான் முக்கியம் என்றார்.

பழைய பௌத்த நூல்களில் தொடர் இரண்டாகக் கிளைப்பது பேசப்படுவதில்லை. ஆனால் 'ஒன்றும் அல்ல, வேறும் அல்ல' என்ற பதில் இங்கேயும் சங்கடமில்லாமல் நிற்கிறது, ஒரு விளக்கிலிருந்து இரண்டை ஏற்றலாம். எனக்கு விடை தெரியாமல் நிற்கும் இடம் வினைப்பயன். சீட்டுக்காரரை இரண்டாகப் பிரித்தால் 17 மாதக் காசை யார் கட்டுவது? ஆளுக்குப் பாதியா, இருவரும் முழுதுமா?

"எல்லாம் விளங்கீட்டுது. ஆனா 'நான்' எண்ட நினைப்பு மட்டும் போகேல்லை. நான் எங்கையோ பிழை விட்டிட்டனோ?"

பிழை இல்லை. ஹியூமும் தன் அறையில் இந்த யோசனைகளால் மனம் இருண்டபோது, நண்பர்களோடு சாப்பிட்டு விளையாடிவிட்டு வந்தால் எல்லாம் கலைந்துபோகிறது என்று எழுதினார். பார்ஃபிட்டுக்குக் கொஞ்சம் கூடவே கிடைத்தது. முன்பு தன் வாழ்க்கை ஒரு கண்ணாடிச் சுரங்கம் போல, முடிவில் இருட்டோடு இருந்தது என்றும், கருத்து மாறியபின் சுவர்கள் மறைந்து மற்றவர்களோடு நெருக்கமானதாகவும் எழுதினார். பௌத்தத்தில் இதற்கு முறையான வேறுபாடே உண்டு. 'இது என் ஆன்மா' என்ற கருத்து ஒன்று, 'இருக்கிறேன்' என்ற உள்நினைப்பு, பாளியில் மானம் எனப்படுவது, இன்னொன்று. முதலாவது போன பிறகும் இரண்டாவது நெடுநாள் தங்கும்.

கேமகர் என்ற பிக்கு கோசாம்பிக்குப் பக்கத்தில் நோயாய்க் கிடந்தார். மூத்த பிக்குகள் தாசகர் என்பவரைத் தூதாக அனுப்பி, ஐந்தில் எதையாவது ஆன்மா என்று காண்கிறீரா என்று கேட்டார்கள். இல்லை என்றார். அப்படியானால் முற்றும் விடுபட்டவரா? அதுவும் இல்லை, 'இருக்கிறேன்' என்பது இன்னும் போகவில்லை என்றார். தூதர் இப்படி மாறிமாறி நடக்க, கடைசியில் கேமகரே தடியை ஊன்றிக்கொண்டு வந்து விளக்கினார். தாமரையின் மணம் இதழிலா, தண்டிலா, மகரந்தத்திலா? பூவின் மணம் என்றுதான் சொல்ல முடியும். அதுபோல இந்த நினைப்பு ஐந்தில் ஒன்றைப் பற்றியதும் இல்லை, ஐந்துக்கு வெளியேயும் இல்லை.

அப்புறம் வண்ணான் உவமையைச் சொன்னார். அழுக்குத் துணியை உவர்மண்ணும் சாணமும் போட்டுத் துவைத்து, நல்ல தண்ணீரில் அலசிவிடுகிறான். துணி வெள்ளையாகிவிட்டது, ஆனால் உவரின் வாசனை அதில் இருக்கிறது. சொந்தக்காரர் வாங்கிக்கொண்டுபோய் வாசனைப் பெட்டியில் வைக்கிறார், நாளாக ஆக அந்த மணமும் போய்விடுகிறது. கேமகர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கேட்டிருந்த அறுபது பிக்குகளும், சொன்ன கேமகரும் விடுபட்டார்கள் என்று சூத்திரம் முடிகிறது.